முதல் கூட்டத்துக்கு முந்தைய 10 நாள்

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரிக்கு பில்லிங், ஸ்டாக் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் சாஃப்ட்வேர் செய்து கொடுக்க எங்களுக்கு ஆர்டர் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மாலை கையெழுத்தானது. சனிக்கிழமை காலை முதலாளியின் மகன் போன் செய்தார். “அண்ணா, நாளைக்கே வந்துருங்க, உட்கார்ந்து பேசி ஆரம்பிச்சிரலாம்” என்றார். அவர் ஆர்வம் எனக்கும் பிடித்திருந்தது. இருந்தும், “12 நாள் கழித்து வைத்துக்கொள்வோம், அதற்குள் கொஞ்சம் வேலை இருக்கிறது” என்று சொன்னேன். எதிர்முனையில் சற்று நேரம் பேச்சே இல்லை.

புது வாடிக்கையாளரோடு வேலையைத் தொடங்கும் முதல் கூட்டத்தைச் சாஃப்ட்வேர் தொழிலில் கிக்-ஆஃப் மீட்டிங் என்பார்கள். பல இடங்களில் அது அறிமுகம், டீ, கைகுலுக்கல் என்று முடிந்துவிடும். இந்தத் தொழிலில் இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, பிறகு பெரிதாக வெடித்த சிக்கல்களில் அதிகமும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்தவை. அந்தக் கேள்வி அங்கே வர வேண்டுமென்றால், வர வேண்டிய ஆள் அறையில் இருக்க வேண்டும். பார்க்க வேண்டிய காகிதம் முன்கூட்டியே எங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். நான் கேட்ட 12 நாளும் அதற்குத்தான்.

முதலில் தேதி. எங்கள் காலண்டரில் எந்த நாள் காலி என்று பார்ப்பதைவிட, அவர்கள் தொழிலுக்கு எந்த நாள் மூச்சுவிட நேரம் கொடுக்கிறது என்று பார்ப்பது முக்கியம். ஈரோட்டு ஜவுளி வாரச்சந்தை திங்கட்கிழமை இரவு தொடங்கி செவ்வாய்க்கிழமை நடக்கிறது. அந்த இரண்டு நாளும் கடையில் யாரிடமும் பேச முடியாது. புதன்கிழமை வசூலும் கணக்கும். அடுத்து வரித் தேதிகள். மாதந்தோறும் தாக்கல் செய்கிற வியாபாரி, போன மாத விற்பனைக் கணக்கை ஜிஎஸ்டிஆர்-1-இல் 11-ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். வரியைக் கட்டி 3பி தாக்கல் செய்ய 20-ஆம் தேதி கடைசி. இந்த இரண்டு தேதிகளுக்கும் முந்தைய மூன்று நான்கு நாள் கணக்கரை இழுத்துவைத்து உட்கார வைத்தால், உடம்புதான் இங்கே இருக்கும். 15-ஆம் தேதி வியாழக்கிழமை அவர்கள் வீட்டுக் கல்யாணம். கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சியது 22-ஆம் தேதி வியாழன். சாயங்காலம் பார்சல் லாரிக்குச் சரக்கு ஏற்றும் நேரம் என்பதால் காலை 11 மணி முதல் 12.30 வரை. இடம், அவர்கள் கடை மாடி. எங்கள் அலுவலகத்தில் ஏசி அறை இருக்கிறது, ஆனால் அங்கே அவர்கள் பில் புத்தகம் இருக்காது.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். அதற்குக் காரணம் சில வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில் நடந்தது. அந்தக் கடையில் முதல் கூட்டத்துக்கு முதலாளி மட்டும் வந்தார். எல்லாக் கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். அவர் சொன்னபடியே செய்தோம். மூன்று வாரம் கழித்துத் திரையைக் காட்டியபோது, பின்னால் நின்றிருந்த குடோன் ஆள் மெதுவாக, “இப்படி நாங்க சரக்கு எறக்குறது இல்லீங்களே” என்றார். முதலாளி சொன்னது ஐந்து வருடத்துக்கு முந்தைய நடைமுறை. அவர் குடோனுக்குள் போய் நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. செய்ததைப் பிரித்துத் திரும்பச் செய்ய ஆறு வாரம் போயிற்று. தவறு அவருடையது அல்ல, குடோன் ஆளை அழைக்காமல் விட்ட என்னுடையது.

அதனால் ஈரோட்டுக் கடையில் ஐந்து பேரைக் கேட்டு வாங்கினேன். முதலாளி, இறுதி முடிவு அவருடையது. மகன், இந்த வேலை வேண்டுமென்று நின்றவர், தினமும் எங்களோடு பேசப்போகிறவர். கணக்கர். பில் போடுகிற பெண். குடோன் மேஸ்திரி. மேஸ்திரி பெயரைச் சொன்னதும் மகன், “அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுண்ணா, வந்து என்ன பண்ணப் போறாரு?” என்று கேட்டார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை, எங்களுக்குத்தான் குடோன் தெரிய வேண்டும் என்றேன். ஆறாவதாக அவர்களுடைய ஆடிட்டர். அவரை ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பது நியாயமில்லை. 11.45-க்குக் கால் மணி நேரம் போனில் கிடைத்தால் போதும் என்று கேட்டுக்கொண்டோம்.

எங்கள் பக்கம் நான்கு பேர். திட்டப் பொறுப்பாளராக நான். கோடு எழுதப்போகிற பையன். பழைய கணக்கை எடுத்துப் புதியதில் ஏற்றுகிற பெண். ஆர்டரைப் பேசி முடித்த விற்பனைப் பிரிவு நண்பர். விற்பனை ஆள் கையெழுத்தோடு விலகிவிடுவது பல நிறுவனங்களில் வழக்கம். அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. காகிதத்தில் ஏறாத வாக்குறுதி ஏதாவது பேச்சில் போயிருந்தால், அதைக் கொடுத்தவர் அந்த அறையில் இருக்க வேண்டும். எங்கள் மேலாளர்கள் இருவர் மரியாதைக்கு வருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எதிரே சட்டை மடிப்புக் கலையாத ஆட்கள் வரிசையாக உட்கார்ந்தால் பில் போடுகிற பெண் வாயே திறக்க மாட்டார்.

அடுத்தது கூட்டத்தின் நோக்கம். ‘திட்டத்தைப் பற்றி விவாதித்தல்’ என்று அழைப்பில் எழுதினால் விவாதம்தான் நடக்கும். கூட்டம் முடியும்போது பதில் கிடைத்ததா இல்லையா என்று சொல்லக்கூடிய கேள்விகளாக எழுதிவிட வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மூன்றுக்கு மேல் தாங்காது. வேலை முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வோம்? இந்த ஆர்டரில் எது சேராது? முதலாளி வெளியூரில் இருந்தால் சரி சொல்லும் உரிமை யாருக்கு? மூன்றாவது கேள்வியை எழுத எல்லோருக்கும் கூச்சம். குடும்பத் தொழிலில் அதைக் கேட்பது அத்துமீறல் போலத் தோன்றும். கேட்காமல் விட்டால், மகன் சரி என்று சொன்ன திரையை அப்பா திருப்பூரிலிருந்து வந்து மாற்றச் சொல்லும் நாள் வரும்.

12-ஆம் தேதி திங்கட்கிழமை காலை, சந்தை வேலை சூடுபிடிக்கும் முன், அழைப்பை அனுப்பினேன். பதிவுக்காக மின்னஞ்சல், படிப்பதற்காக வாட்ஸ்அப். முதலாளி மின்னஞ்சல் பார்ப்பவர் அல்ல. அனுப்பியது இதுதான்:

“ஐயா, வணக்கம். பில்லிங் சாஃப்ட்வேர் வேலையைத் தொடங்கும் கூட்டம் 22-ஆம் தேதி வியாழன் காலை 11 முதல் 12.30 வரை, உங்கள் கடை மாடியில்.

உங்கள் பக்கம் நீங்கள், தம்பி, கணக்கர், பில் போடும் பாப்பா, குடோன் மேஸ்திரி. ஆடிட்டர் ஐயா 11.45-க்குப் போனில். எங்கள் பக்கம் நால்வர்.

அன்று முடிவு செய்ய வேண்டியது மூன்று: வேலை முடிந்ததற்கு அடையாளம் என்ன, இந்த ஆர்டரில் எது சேராது, நீங்கள் ஊரில் இல்லாதபோது யார் சரி சொல்வது.

17-ஆம் தேதி சனிக்கிழமைக்குள் எங்களுக்கு வேண்டியது: (1) சரக்குப் பட்டியல், டாலியிலிருந்து எக்செல் கோப்பாக. (2) போன மாதப் பில்களில் 20-இன் போட்டோ. அதில் சரக்குத் திரும்பி வந்தது, தள்ளுபடி போனது, திருத்தி எழுதியது கட்டாயம் இருக்கட்டும். (3) ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ். (4) கடையிலுள்ள கம்ப்யூட்டர், பிரிண்டர் ஒவ்வொன்றின் போட்டோ. (5) அரசு இணையதளத்தில் நுழையும்போது ஓடிபி எந்த போன் எண்ணுக்கு வருகிறது என்ற தகவல் மட்டும். பாஸ்வேர்டு எதையும் அனுப்ப வேண்டாம்.”

இவ்வளவுதான். ஒவ்வொன்றையும் ஏன் கேட்டோம் என்று மகனிடம் போனில் விளக்கினேன். காரணம் தெரியாமல் கேட்ட பொருள் நேரத்துக்கு வராது.

ஓடிபி விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள வியாபாரி, 2023 ஆகஸ்ட் 1 முதல், இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில்லை அரசின் மின்-பில் தளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். எங்கள் சாஃப்ட்வேர் அந்தத் தளத்தோடு தானாகப் பேசுவதற்கு அங்கே தனியாக ஒரு பயனர் கணக்கு உருவாக்க வேண்டும். அதை உருவாக்கும்போது பதிவு செய்த போனுக்கு ஓடிபி வரும். அந்த எண் யாருடையது என்று முதலாளிக்கே பல நேரம் தெரியாது. சிலருக்கு அது வேலையை விட்டுப் போன ஆளின் எண்ணாக இருக்கும். இதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடித்தால் எல்லாம் தயாராகியும் ஒரு பில்கூடப் போட முடியாது. இந்தக் கடையில் அது ஆடிட்டர் அலுவலகத்தில் ஓர் உதவியாளரின் எண் என்று 14-ஆம் தேதியே தெரிந்துவிட்டது. ஆடிட்டரைக் கால் மணி நேரம் கேட்டதன் காரணங்களில் இது ஒன்று.

சரக்குப் பட்டியல் 16-ஆம் தேதி வந்தது. 3,140 வரி. எங்கள் பெண் அதை இரண்டு நாள் பிரித்துப் பார்த்தார். ‘காடா 48’, ‘48 காடா’, ‘KADA 48 INCH’ என்று ஒரே துணி மூன்று பெயரில் இருந்தது. இப்படிச் சேர்த்துப் பார்த்தால் உண்மையான சரக்கு 1,870 வகைக்குள் அடங்கும்போல் இருந்தது. இது எதிர்பார்த்ததுதான், பல வருடம் பல கை பட்ட பட்டியல் அப்படித்தான் இருக்கும். அவர் கண்ணில் பட்ட இன்னொன்று எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அளவு என்ற பத்தியில் எல்லாத் துணிக்கும் MTR என்று இருந்தது. பில் போட்டோக்களில் பாதிக்கு மேல் ‘தான்’ என்று கையால் எழுதியிருந்தது.

ஜவுளியில் புழங்காதவர்களுக்கு: தறியிலிருந்து இறங்கி மடித்துக் கட்டிய ஒரு முழுத் துணிதான் ‘தான்’. எல்லாத் தானும் ஒரே நீளம் இருக்காது. ஜிஎஸ்டி தளம் அனுமதிக்கும் அளவைக் குறிகளில் மீட்டருக்கு MTR உண்டு, பேலுக்கு BAL உண்டு. தானுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் ஆர்டர் காகிதத்தில் ‘ஸ்டாக் மீட்டரில் பராமரிக்கப்படும்’ என்று ஒரே ஒரு வரி. அந்த வரியை நம்பிக் கோடு எழுதத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கூட்டத்துக்கு முந்தைய நாள், புதன் மதியம், ஒவ்வொருவரிடமும் தனியாகப் போனில் பேசினேன். ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம். நாளை வருகிறீர்களா, கையில் என்ன கொண்டுவருவீர்கள், மனதில் என்ன உறுத்துகிறது. பில் போடுகிற பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “எல்லாம் சரிங்க சார். ரெண்டு மாசம் ரெண்டுலயும் பில் போடச் சொல்லுவாங்கன்னு பேசிக்கிறாங்க. செவ்வாய்க்கிழமை அது முடியாதுங்க.” எல்லோர் முன்னாலும் அவர் இதைச் சொல்லியிருப்பாரா என்று சந்தேகம்தான். அவரைக் கேட்டுக்கொண்டு அதை என் கேள்வியாகக் கூட்டத்தில் வைத்தேன்.

பட்டியல் வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டால், தள்ளிப் போட்டிருப்பேன். இதில் எனக்கும் எங்கள் நிறுவனத்தில் சிலருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. கூட்டத்தை நடத்திவிட்டால் அந்த வேகத்தில் பொருள் வந்துவிடும் என்பது அவர்கள் வாதம். என் அனுபவத்தில் வருவதில்லை. ‘ஆரம்பித்தாகிவிட்டது’ என்ற நினைப்பு வந்தபிறகு எக்செல் கோப்பு எடுப்பது எல்லோருக்கும் கடைசி வேலையாகிவிடுகிறது. முன்னால் வரவேண்டியது ஒரு வாரம் தாமதித்தால், அதுவே ஒரு தகவல். அங்கே அந்த வேலைக்கு ஆள் ஒதுக்கவில்லை என்று அர்த்தம். அதைக் கூட்டத்துக்கு முன்பே முதலாளியிடம் பேச வேண்டும்.

வியாழக்கிழமை 11 மணிக்கு மாடியில் பாயும் நாலு நாற்காலியும் போட்டிருந்தார்கள். மேஸ்திரி கதவோரம் நின்றுகொண்டார். முதலாளியே, “உள்ளே வந்து உட்காருங்க” என்று சொன்ன பிறகுதான் வந்தார். அறிமுகத்துக்கு ஐந்து நிமிடம். பிறகு பட்டியலைத் திரையில் போட்டு, 48 காடாவின் மூன்று பெயரைக் காட்டினோம். எல்லோரும் சிரித்தார்கள், கணக்கர் மட்டும் முகம் சுருங்கினார். அவருடைய தவறாக அது நின்றுவிடக் கூடாது என்பதால், எத்தனையோ கடைகளில் பார்த்ததுதான் என்று சொல்லி உடனே அளவுக்கு வந்தேன். “இதில் மீட்டர் என்று இருக்கிறது, பில்லில் தான் என்று இருக்கிறது. எது சரி?”

கணக்கர் சொன்னார்: “தானுக்கு 20 மீட்டர்னு போட்டுக்குவோமுங்க.”

மேஸ்திரி அதுவரை பேசவில்லை. “அதெப்படிங்க 20? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நீளமுங்க” என்று எழுந்து கீழே போனார். நான்கு தானைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றின் மடிப்போரத்திலும் பென்சிலால் நீளம் எழுதியிருந்தது. 20, 22.5, 18, 21.5. கூட்டினால் 82 மீட்டர். கணக்கில் 80. நான்கு தானுக்கு இரண்டு மீட்டர் கணக்கில் இல்லாமல் குடோனில் இருக்கிறது. சில கட்டுகளில் இதற்கு நேர்மாறாக, கணக்கில் இருக்கும், குடோனில் இருக்காது. வருடா வருடம் ஸ்டாக் எடுக்கும்போது ஏன் ஒத்துவருவதில்லை என்று முதலாளி கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்குப் பதில், அந்தப் பென்சில் எழுத்தில் இருந்தது.

பேசி முடிவெடுக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. சரக்கு இறங்கும்போதே ஒவ்வொரு தானுக்கும் ஓர் எண் கொடுத்து அதன் நீளத்தையும் ஏற்றுவது, விற்கும்போது அந்த எண்ணை எடுத்தால் பில்லில் மீட்டர் தானாக விழுவது. இதற்கு இரண்டு திரை கூடுதல், எங்கள் கணக்கில் ஆறு நாள் வேலை. ஆர்டரில் இது இல்லை. மகன் விற்பனை நண்பரைப் பார்த்து, “தானும் வரும் மீட்டரும் வரும்னு சொன்னீங்களே” என்றார். அவர் மறைக்காமல், “சொன்னேன், காகிதத்தில் எழுதவில்லை” என்று ஒப்புக்கொண்டார். அந்த ஆறு நாளை எங்கள் செலவில் ஏற்றோம். அவர் அங்கே இல்லாதிருந்தால் அந்த வாக்கு கடைசி பில் கட்டும் நாளில் வெளிவந்திருக்கும், வேறு தொனியில்.

மற்றவை வேகமாக நடந்தன. வேலை முடிந்ததற்கு அடையாளம்: ஒரு சந்தை நாளில் போட்ட எல்லாப் பில்லையும் மறுநாள் புதன்கிழமை புதிய சாஃப்ட்வேரில் திரும்ப ஏற்றிப் பார்ப்பது. மொத்தத் தொகை, வரி, மிச்ச ஸ்டாக் மூன்றும் ஒத்துவந்தால் முடிந்தது. இரண்டு மாதம் இரட்டைப் பில் என்ற பேச்சு அதோடு போயிற்று. பில் போடுகிற பெண் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து பார்த்தார். சேராதது: சம்பளக் கணக்கும், போனில் பார்க்கும் செயலியும். ஆடிட்டர் போனில், 22-க்குப் பிறகு எந்த நாளிலும் உதவியாளரை உட்கார வைக்கிறேன், பயனர் கணக்கை உருவாக்கிக்கொள்ளுங்கள் என்றார். மூன்றாவது கேள்விக்கு முதலாளி கொஞ்ச நேரம் யோசித்தார். “பணம் சம்பந்தப்படாததுக்கெல்லாம் இவனே சொல்லட்டும்” என்று மகனைக் காட்டினார். அதை அப்படியே எழுதிக்கொண்டோம்.

அன்று மாலை 5 மணிக்குள் முடிவுகளை ஒரு பக்கத்துக்குள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளர் பெயரும் தேதியும் போட்டு அதே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரவு 9 மணிக்கு முதலாளியிடமிருந்து பதில் வந்தது. ஏழாவது வரியில் ஒரு திருத்தம். சரக்கு இறங்கும்போது நீளம் எழுதுகிறவர் மேஸ்திரி, எண் ஏற்றுகிறவர் கணக்கர் என்று நான் போட்டிருந்தேன். இரண்டையும் மேஸ்திரியே செய்யட்டும், தன் பேரன் கற்றுக் கொடுப்பான் என்று அவர் சொல்லிவிட்டாராம்.